புதிய விண்டோஸ்: முதல் நாளா, சில வாரம் கழித்தா?

2018 அக்டோபர் 2, செவ்வாய்க்கிழமை. நியூயார்க்கில் மைக்ரோசாஃப்ட் தன் புதிய சர்ஃபேஸ் கணினிகளை அறிமுகம் செய்த அதே நாளில், விண்டோஸ் 10-இன் அடுத்த பெரிய பதிப்பையும் வெளியிட்டது. அதற்கு 1809 என்று எண். எல்லாக் கணினிகளுக்கும் அது தானாகப் போய்ச் சேரும் வேலை அக்டோபர் 9-ஆம் தேதிதான் தொடங்குவதாக இருந்தது. அவசரப்படுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வழி அன்றே திறந்திருந்தது. Settings பகுதிக்குப் போய் Check for updates என்ற பொத்தானை அழுத்தினால் உடனே கிடைக்கும்.

பலர் அழுத்தினார்கள். அப்டேட் பிழையில்லாமல் முடிந்தது, கணினி மறுபடி தொடங்கியது, திரையில் எந்த எச்சரிக்கையும் இல்லை. அவர்களில் சிலர் Documents ஃபோல்டரைத் திறந்தபோது அதில் எதுவும் இல்லை. ஆண்டுக்கணக்கில் சேர்த்த படங்கள், கணக்குகள், எழுதிய பக்கங்கள் எல்லாம் போயிருந்தன. Recycle Bin-இலும் இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் மைக்ரோசாஃப்ட் அப்டேட்டை நிறுத்தியது. தானாக அனுப்பும் வேலை தொடங்கவே இல்லை. பழுது நீக்கிய பதிப்பு மறுபடி வெளிவந்தது நவம்பர் 13-ஆம் தேதி. இடையில் ஆறு வாரம்.

புதிய பதிப்பு வந்ததும் நிறுவலாமா, பொறுக்கலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஆறு வாரம்தான். ‘கொஞ்ச நாள் பொறுங்கள்’ என்பது எல்லோரும் சொல்கிற பதில். எத்தனை நாள், எதற்காகப் பொறுப்பது, அந்த நாட்களில் அங்கே என்ன நடக்கிறது என்பதை அது சொல்வதில்லை. 1809-இல் நடந்ததைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் மூன்றுக்கும் விடை கிடைக்கும்.

விண்டோஸில் Desktop, Documents, Pictures, Videos போன்ற சில ஃபோல்டர்களுக்குத் தனி மரியாதை உண்டு. நாம் அவற்றைப் பெயரால்தான் அழைக்கிறோம். அவை டிஸ்கில் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதை விண்டோஸ் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. அந்த இடத்தை நாம் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் மிகவும் பரவலான அமைப்பு இது: விண்டோஸ் இருக்கும் C டிரைவ் 128 ஜிபி எஸ்எஸ்டி, D டிரைவ் 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஓராண்டு பயன்படுத்தியதும் C நிறைந்துவிடுகிறது. உரிமையாளர் Documents மீது வலது கிளிக் செய்து, Properties, அதில் Location, அதில் Move என்று போய் D:\Documents என்ற இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கிறது: பழைய இடத்தில் இருக்கும் கோப்புகளையும் புதிய இடத்துக்கு நகர்த்தவா? நகர்த்த நேரமாகும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் No கொடுக்கிறார். இதில் தவறு எதுவும் இல்லை. விண்டோஸே தந்த இரண்டு வழிகளில் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார்.

இப்போது அவரிடம் இரண்டு Documents இருக்கின்றன. D-யில் இருப்பது நடப்பு ஃபோல்டர், புதிய கோப்புகள் அங்கே சேரும். C:\Users என்பதன் கீழ் இருப்பது பழைய ஃபோல்டர், மாற்றுவதற்கு முன் சேர்ந்ததெல்லாம் அதற்குள் பத்திரமாக இருக்கிறது. தேவைப்படும்போது அங்கே போய் எடுத்துக்கொள்கிறார். இப்படியே ஆண்டுகள் ஓடலாம்.

2018 வசந்தத்தில் 1803 என்ற பதிப்பு வந்தது. ஃபோல்டரை இடம் மாற்றியிருந்தவர்கள் சிலருக்கு, அதை நிறுவியதும் அதே பெயரில் இன்னொரு வெற்று ஃபோல்டர் முளைத்தது. கண்ணை உறுத்தியதே தவிர தீங்கு இல்லை. இருந்தாலும் புகார் வந்தது. அடுத்த பதிப்பில் இந்த வெற்று நகல்களை அகற்றுவதற்கு மைக்ரோசாஃப்ட் கொஞ்சம் நிரல் சேர்த்தது. அதே பதிப்பில், அப்டேட் எந்த வரிசையில் எதைச் செய்கிறது என்பதிலும் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்தபோது, வெற்று நகலோடு பழைய மூல ஃபோல்டரும் அதற்குள் இருந்ததும் சேர்ந்து அழிந்தன. குடிமாறியவர் பாதிச் சாமானைப் பழைய வீட்டிலேயே விட்டிருக்க, ஆளில்லாத வீடு என்று அதை இடித்த கதைதான்.

No கொடுத்தவர்கள் மட்டும் இதில் மாட்டவில்லை. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் செயலியின் ஆரம்பகாலப் பதிப்பு ஒன்றில், படங்களையும் ஆவணங்களையும் ஒன்டிரைவில் தானாகச் சேமிக்கும் வசதியை இயக்கினால், அது இந்த இடமாற்றத்தைத் தானே செய்துவிடும். பழைய கோப்புகளை நகர்த்தாது. தன் கணினியில் இரண்டு Documents இருப்பதே தெரியாமல் இருந்தவர்களும் உண்டு என்று அர்த்தம்.

இன்னொரு கொடுமையும் இதில் இருக்கிறது. ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றுகிறவர்களில் பெரும்பாலானோர் C டிரைவ் சிறிய எஸ்எஸ்டியாக இருப்பதால்தான் மாற்றுகிறார்கள். ஹார்ட் டிஸ்கில் ஒரு கோப்பு அழிந்தால், அதன் மீது வேறு எதுவும் எழுதப்படாதவரை மீட்பு மென்பொருள்களால் பெரும்பாலும் தேடி எடுத்துவிட முடியும். எஸ்எஸ்டியில் அது கடினம். எந்த இடங்கள் இனித் தேவையில்லை என்பதை விண்டோஸ் அந்த டிரைவுக்கு அவ்வப்போது தெரிவித்துவிடுகிறது, டிரைவும் அவற்றைத் துடைத்துவிடுகிறது. டிரிம் என்று இதற்குப் பெயர். டிரைவின் வேகத்துக்கு அது தேவை, மீட்புக்கோ எமன். கோப்புகளை இழந்தவர்கள் கணினியைப் பயன்படுத்துவதை முடிந்த அளவு குறைத்துவிட்டு உதவி மையத்தை அழைக்கும்படி மைக்ரோசாஃப்ட் கேட்டுக்கொண்டது. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்பதே காரணம்.

சிலர் பழைய பதிப்புக்குத் திரும்பிப் பார்த்தார்கள். கோப்புகள் வரவில்லை. இதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். Go back என்ற வசதி திருப்பித் தருவது இயங்குதளத்தை மட்டுமே. நம் கோப்புகளின் பிரதி எதையும் அது எடுத்து வைப்பதில்லை. முதல் நாளே நிறுவுகிறவர்கள் ‘பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம்’ என்று நம்பி இறங்குகிறார்கள். அந்த நம்பிக்கை செயலிகளுக்கும் டிரைவர்களுக்கும் பொருந்தும், கோப்புகளுக்குப் பொருந்தாது.

சோதிக்காமலா வெளியிட்டார்கள் என்று கேட்கத் தோன்றும். சோதித்தார்கள். விண்டோஸ் இன்சைடர் என்ற திட்டத்தில் லட்சக்கணக்கானோர் வெளியீட்டுக்கு முன்பே புதிய பதிப்பை நிறுவிப் பார்க்கிறார்கள். அவர்களில் சிலர் கோப்புகள் காணாமல் போனதாக அக்டோபருக்கு முன்பே Feedback Hub என்ற செயலியில் எழுதியிருந்தார்கள். அங்கே ஒரு புகார் மேலே வருவது எத்தனை பேர் அதை ஆமோதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து. ஐகான் நிறம் பிடிக்கவில்லை என்பதை ஆயிரம் பேர் ஆமோதிப்பார்கள். அரிதாக நிகழும் இழப்பை ஆமோதிக்க ஆள் கிடைக்காது. புகார் அடியில் கிடந்தது. மேலும், வழக்கமாக வெளியீட்டுக்கு முன் கடைசிப் படியாக இருக்கும் Release Preview என்ற சோதனை வட்டத்துக்கு 1809 அனுப்பப்படாமலேயே வெளியிடப்பட்டது. சோதிக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதை மட்டும் வைத்துத் தரத்தை அளப்பது எனக்கு அதனால்தான் உடன்பாடில்லை. அவர்கள் சொன்னதை யாராவது படித்தார்களா என்பதும் சேர்ந்ததுதான் சோதனை.

நிறுவியவர்களில் கோப்பை இழந்ததாகப் புகார் செய்தவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் என்று மைக்ரோசாஃப்ட் அக்டோபர் 9-ஆம் தேதி தெரிவித்தது. இந்த எண்ணை இரண்டு விதமாகப் படிக்கலாம். முதல் நாளில் நிறுவினாலும் ஆபத்து மிகக் குறைவு என்பது ஒன்று, அது உண்மைதான். ஆனால் ஆபத்து எல்லோருக்கும் சமமாகப் பரவவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஃபோல்டரை எங்கும் மாற்றாதவருக்கு ஆபத்து அறவே இல்லை. மாற்றியவருக்கு, அதுவும் பழைய இடத்தில் கோப்புகளை விட்டுவைத்தவருக்கு, அது மிக மிக அதிகம். வெளியீட்டு நாளில் அந்தப் பத்தாயிரத்தில் ஒருவர் யார் என்று யாருக்கும் தெரியாது, மைக்ரோசாஃப்டுக்கும் தெரியாது. பிறகு வரும் நாட்களில் தெரியவருவது அதுதான். பொறுப்பது என்றால் அந்தத் தகவலுக்காகப் பொறுப்பது. எந்த மாதிரிக் கணினிக்குப் பழுது, எதனால், என்னுடையது அந்த வகையில் வருமா என்ற தகவல் வரும்வரை.

உங்கள் கணினி இந்த வகையில் வருமா என்று இன்றைக்கும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். கட்டளைத் திரையைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
reg query "HKCU\Software\Microsoft\Windows\CurrentVersion\Explorer\User Shell Folders"
```

இது எதையும் மாற்றாது, காட்டும், அவ்வளவே. வரும் பட்டியலில் Personal என்ற பெயரில் இருப்பதுதான் Documents. அதற்கு நேரே %USERPROFILE%\Documents என்று இருந்தால் ஃபோல்டர் பிறந்த இடத்திலேயே இருக்கிறது. D:\ என்று தொடங்கினாலோ, OneDrive என்ற சொல் நடுவில் வந்தாலோ, இடம் மாறியிருக்கிறது. அப்போது C:\Users என்பதன் கீழ் உங்கள் பெயருக்குள் போய், பழைய Documents அங்கே இருக்கிறதா, அதில் ஏதாவது மீந்திருக்கிறதா என்று பாருங்கள். 1809-இன் பழுது நீங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் வைத்திருப்பது, வழக்கத்துக்கு மாறான கணினி வைத்திருப்பதாகும். வழக்கத்துக்கு மாறான கணினிகளில்தான் புதிய பதிப்புகள் முதலில் தடுக்கி விழுகின்றன.

நவம்பர் 13-க்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? கோப்பு அழியும் பழுது நீங்கியது. வேறு சில மீந்திருந்தன. அலுவலகங்களில் சர்வரில் இருக்கும் ஃபோல்டரை ஒரு டிரைவ் எழுத்தில் இணைத்து வைத்திருப்பார்கள். 1809-இல் கணினியைத் தொடங்கும்போது அந்த இணைப்பு தானாகச் சேராமல் சிவப்புப் பெருக்கல் குறியோடு நின்றது. அதற்கான திருத்தம் 2019-இல்தான் வந்தது. ஆப்பிளின் ஐகிளவுட் செயலியின் ஒரு பதிப்போடும் மோதல் இருந்தது. அந்தச் செயலி இருந்த கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் 1809-ஐத் தராமல் நிறுத்தி வைத்தது. அப்படியானால், ஆறு வாரம் என்ற கணக்கை மனப்பாடம் செய்து பயன் இல்லை. சிறிய சர்வர் வைத்துப் பத்துக் கணினிகளில் கணக்கெழுதும் அலுவலகத்துக்கு ஆறு வாரம் போதவில்லை. தனியாக ஒரு மடிக்கணினி வைத்து, ஃபோல்டர் எதையும் மாற்றாத மாணவருக்கு முதல் நாளே ஒன்றும் ஆகியிருக்காது.

இப்போது இந்தத் தகவலைத் தேடுவது எளிது. விண்டோஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் அறியப்பட்ட பழுதுகளின் பட்டியலை மைக்ரோசாஃப்ட் Windows release health என்ற பெயரில் வெளியிடுகிறது. எந்தச் சாதனத்துக்கு என்ன பழுது, திருத்தம் வந்ததா, வரவில்லையா என்று அதில் இருக்கும். பழுது உறுதியான வகைக் கணினிகளுக்குப் புதிய பதிப்பு தரப்படுவதில்லை. இந்தத் தடைக்கு Safeguard hold என்று பெயர். 2024 அக்டோபர் 1-இல் விண்டோஸ் 11-இன் 24H2 பதிப்பு வந்தபோதும், யுபிசாஃப்டின் சில விளையாட்டுகள் நிறுவப்பட்டிருந்த கணினிகள் இப்படி நிறுத்தி வைக்கப்பட்டன.

இதிலிருந்து ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளலாம். நண்பர் கணினிக்கு வந்த புதிய பதிப்பு உங்களுக்கு வரவில்லை என்றால், அதற்குக் காரணம் இருக்கலாம். Installation Assistant-ஐ இறக்கியோ, ஐஎஸ்ஓ கோப்பை எடுத்தோ வலுக்கட்டாயமாக நிறுவாதீர்கள். உங்களைப் போன்ற கணினியில் எங்கோ யாருக்கோ ஏதோ நேர்ந்து, அது கண்டறியப்பட்டு, உங்களுக்காக ஒரு தடை போடப்பட்டிருக்கலாம். ஐஎஸ்ஓ வழியில் போகிறவர் அந்தத் தடையைத் தாண்டிக் குதிக்கிறார்.

1809-இல் முதலில் அடிபட்டவர்கள் அந்தப் பொத்தானை அழுத்தியவர்கள் என்று சொன்னேன். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. Check for updates என்றால் சாதாரண மனிதருக்கு என்ன தோன்றும்? பாதுகாப்புத் திருத்தம் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கிறோம் என்றுதான். பொறுப்பான பழக்கம் என்று நினைத்து அழுத்துகிறார்கள். மைக்ரோசாஃப்ட் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது. அழுத்தியவர் புதிய பதிப்பை முந்திப் பெற ஆர்வமாக இருக்கிறார் என்று கணக்கு வைத்துக்கொண்டது. 2019 மே மாதம் வந்த 1903 பதிப்போடு இது மாறியது. புதிய பதிப்பு தயாராக இருப்பதைத் தனியே காட்டி, நிறுவ ஒரு தனி இணைப்பையும் வைத்தார்கள். அதைத் தொடாதவரை, இருக்கும் பதிப்பின் ஆதரவு முடியும் காலம் நெருங்கும்வரை, புதியது தானாக ஏறாது. அந்த 1903 பதிப்பு Release Preview வட்டத்திலும் வழக்கத்தைவிட அதிக நாள் வைக்கப்பட்டது. 1809-இல் இழந்தவர்களுக்கு இதனால் ஒன்றும் திரும்பவில்லை, ஆனால் பின்னால் வந்தவர்களுக்கு வழி சீரானது.

விண்டோஸ் 11-இல் அந்தப் பழைய பொத்தானின் இடத்தை ஒரு சிறிய ஸ்விட்ச் பிடித்திருக்கிறது. Windows Update பக்கத்தில் Get the latest updates as soon as they're available என்று எழுதியிருக்கும். அதை இயக்கினால் நீங்களும் முன்வரிசைக்குப் போகிறீர்கள். வேலைக்குப் பயன்படும் கணினியில் அது அணைந்தே இருக்கட்டும்.

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பொறுக்க வேண்டும் என்று நான் சொல்வது ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பைப் பற்றி மட்டும். மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் வேறு. அவை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்க நேரப்படி வெளியாகின்றன. நம் ஊரில் அது செவ்வாய் இரவு, புதன் காலையில் கணினியைத் திறந்தால் காத்திருக்கும். இவற்றை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2017-ஐ நினைத்தால் போதும். விண்டோஸில் கோப்புகளைப் பகிரும் பகுதியில் இருந்த ஓட்டைக்கு மார்ச் 14-ஆம் தேதி திருத்தம் வந்தது. மே 12-ஆம் தேதி வானாக்ரை அதே ஓட்டை வழியாக உலகெங்கும் கணினிகளுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. இடையில் இருந்தது ஏறத்தாழ இரண்டு மாதம்.

இந்தக் குழப்பத்தால் நேரும் தவறு ஒன்றை அடிக்கடி பார்க்கிறேன். புதிய பதிப்பு வேண்டாம் என்று நினைத்து Pause updates கொடுத்துவிடுகிறார்கள். அது இரண்டையும் சேர்த்தே நிறுத்திவிடும். பதிப்பைத் தள்ளிப்போட அதைத் தொடவே வேண்டியதில்லை. Download and install என்ற இணைப்பை அழுத்தாமல் இருந்தாலே போதும், மாதாந்திரத் திருத்தங்கள் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். Pro பதிப்பு வைத்திருக்கும் அலுவலகங்கள், எந்தப் பதிப்பில் நிற்க வேண்டும் என்பதைக் குழுக் கொள்கை அமைப்பில் குறிப்பிட்டே வைத்துவிடலாம்.

எவ்வளவு பொறுப்பது என்பதற்கு என் பதில் இது. பதிப்பு வெளியான பிறகு இரண்டு மாதாந்திரத் திருத்தங்கள் வந்து போகட்டும். முதல் திருத்தம் பெரும்பாலும் வெளியீட்டுக்கு முன்பே தெரிந்த பழுதுகளுக்கு. நிறுவியவர்கள் முட்டிக்கொண்டு சொன்ன பழுதுகள் அலசப்பட்டு வருவது இரண்டாவதில்தான். பிறகு பழுதுப் பட்டியலைத் திறந்து உங்களிடம் இருக்கும் பிரின்டர், ஒலி அட்டை, கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்பச் சாதனம் ஏதாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிறுவலாம். அதற்கு மேல் இழுத்தடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஏனென்றால் பழைய பதிப்புக்கும் ஆயுள் முடிகிறது. 1803-லேயே நின்றவர்களுக்குத் திருத்தங்கள் 2019 நவம்பர் 12 வரை வந்தன. 1809 பட்டபாட்டைப் பார்த்துவிட்டு ஓராண்டுக்கு மேல் நிதானமாக இருக்க அவர்களுக்கு இடம் இருந்தது. அந்தத் தேதியைத் தாண்டியும் நின்றிருந்தால், பழுதுக்குப் பயந்து ஓட்டைக்குள் விழுந்த கதையாகியிருக்கும்.

எந்த நாளில் நிறுவினாலும் அதற்கு முந்தைய மாலை செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கோப்புகளை ஒரு வெளி டிரைவில் நகலெடுத்து, அதைக் கழற்றி எடுத்து வையுங்கள். செருகியபடியே விட்டால் அது தனி நகல் ஆகாது. நகலெடுத்ததும் முக்கியமான ஃபோல்டர்களில் Properties திறந்து, எத்தனை கோப்புகள், எவ்வளவு அளவு என்ற இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அப்டேட் முடிந்ததும் வேறு எந்த வேலையும் தொடங்கும் முன் அதே எண்கள் வருகின்றனவா என்று பாருங்கள். 1809-இல் பலருக்கு இழப்பு தெரிந்ததே நாட்கள் கழித்து, பழைய கோப்பு ஒன்றைத் தேடியபோதுதான். எண்கள் குறைந்திருந்தால் மேற்கொண்டு எதையும் நிறுவாமல், எதையும் சேமிக்காமல், கணினியை அணைத்துவிட்டு நகலைக் கையில் எடுங்கள்.

எண்கள் சரி, ஆனால் பிரின்டர் பேசவில்லை, ஒலி வரவில்லை என்றால் திரும்பிப்போகும் வசதி இருக்கிறது. அதற்கு இயல்பாகப் பத்து நாள் மட்டுமே அவகாசம். நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைத் திரையில் இதைக் கொடுத்தால் முப்பது நாளாகும், அறுபது வரை நீட்டலாம்:

```
DISM /Online /Set-OSUninstallWindow /Value:30
```

பத்து நாள் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். பழைய விண்டோஸ் C டிரைவில் Windows.old என்ற ஃபோல்டரில் காத்திருக்கும். இடம் அடைக்கிறது என்று அதை Disk Cleanup-இல் அழித்துவிட்டால் திரும்பும் வழியும் அதோடு போய்விடும். 128 ஜிபி டிரைவ் வைத்திருப்பவர்கள் இந்தத் தவறை எளிதில் செய்துவிடுவார்கள்.

முதல் நாளே நிறுவ வேண்டியவர்களும் இருக்கிறார்கள். மென்பொருள் எழுதி விற்கிறவர், தன் வாடிக்கையாளர் கேட்பதற்கு முன் அது புதிய பதிப்பில் ஓடுகிறதா என்று பார்த்தாக வேண்டும். இருபது கணினிகளைப் பராமரிக்கிறவர், அலுவலகத்தில் இருப்பது போன்றே பிரின்டரும் கணக்கு மென்பொருளும் பொருத்திய ஓர் உபரிக் கணினியில் முதல் நாளே ஏற்றி, இரண்டு வாரம் ஓட்டிப் பார்ப்பது நல்லது. 1809-இன் பழுது நான்கு நாளில் வெளியே வந்ததே, யாரோ நிறுவியதால்தான். எல்லோரும் ஆறு வாரம் பொறுத்திருந்தால் அது ஏழாவது வாரம் எல்லோர் வீட்டிலும் வெளிப்பட்டிருக்கும். அந்த நான்கு நாள் புகார்கள் வராமல், அக்டோபர் 9-ஆம் தேதி தானாக அனுப்பும் வேலை திட்டமிட்டபடி தொடங்கியிருந்தால், பத்தாயிரத்தில் ஒருவர் என்ற கணக்கு கோடிக்கணக்கான கணினிகள் மீது விழுந்திருக்கும்.

அதனால் முன்வரிசையில் நிற்கிறவர்கள் பழுதைக் கண்டால் பேசாமல் இருந்துவிடக் கூடாது. பழைய பதிப்புக்குத் திரும்பிவிட்டு நகர்வதோடு வேலை முடியவில்லை. Feedback Hub-இல் எழுதும்போது, என்ன நடந்தது என்பதோடு உங்கள் கணினி வழக்கத்திலிருந்து எப்படி மாறுபட்டது என்பதையும் எழுதுங்கள்: எந்த ஃபோல்டர் எங்கே இருந்தது, எந்த டிரைவ், எந்தப் பழைய செயலி. 1809-க்குப் பிறகு அந்தச் செயலியில் ஒரு புதிய கட்டம் சேர்க்கப்பட்டது. பழுது எவ்வளவு கடுமையானது என்று எழுதுகிறவரே அதில் குறிக்கலாம். எத்தனை பேர் ஆமோதித்தார்கள் என்பதைத் தாண்டி, ஒரே ஒருவர் எழுதினாலும் கோப்பு இழப்பு என்றால் மேலே தெரிய வேண்டும் என்பதற்காக வந்த கட்டம் அது. அதை நிரப்பாமல் அனுப்பாதீர்கள்.